ரவுட்டரில் ஐபி முகவரிகள் தீர்ந்துபோய் புதிய சாதனங்களுக்கு இணையம் வராதபோது: முழு வழிகாட்டி

வைஃபை சிக்னல் முழுதாக இருக்கிறது, பாஸ்வேர்டும் சரி. ஏற்கனவே இணைந்திருப்பவர்கள் நிம்மதியாக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு மட்டும் இணையம் வரவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது, மறுநாள் அதே நேரத்துக்கு அதே தொல்லை. உங்கள் நிலைமை இதுவானால், பெரும்பாலும் ரவுட்டர் பழுதாகியிருக்காது. அது கொடுக்க வைத்திருக்கும் ஐபி முகவரிகள் தீர்ந்துபோயிருக்கும்.

நான் பார்த்துக்கொண்ட ஒரு பயிற்சி மையத்தின் கணக்கை இந்த வழிகாட்டி முழுவதும் எடுத்துக்கொள்கிறேன். காலை ஒன்பது மணிக்கு 35 பேர் கொண்ட ஒரு வகுப்பு, பிற்பகல் இரண்டு மணிக்கு இன்னொரு 35 பேர். ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரு போன். அலுவலகச் சாதனங்கள் 12. ரவுட்டரில் முகவரித் தொகுப்பு 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை, அதாவது 100 முகவரிகள். காலையில் யாருக்கும் பிரச்சினை இல்லை. பிற்பகலில் மட்டும் பாதிக்கு மேற்பட்ட சாதனங்களுக்கு இணையம் வராது. ரவுட்டர் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கக்கூட முடிவு செய்திருந்தார்கள்.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கான பயனர்பெயரும் பாஸ்வேர்டும் தேவை. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஒரு லேப்டாப்பைக் கேபிள் வழியாக ரவுட்டருடன் இணைத்துக்கொள்ளுங்கள். அமைப்பைச் சேமிக்கும்போது வைஃபை சில நொடிகள் விழுந்து எழலாம். அந்த நேரத்தில் நீங்களே வெளியே தள்ளப்பட்டால், மாற்றம் சேமிக்கப்பட்டதா இல்லையா என்று தெரியாமல் தவிக்க நேரும்.

மூன்றாவதாக, நிலையான முகவரி போட்டு வைத்திருக்கும் சாதனங்களின் பட்டியல். பிரின்டர், கேமரா பதிவுப் பெட்டி, கூடுதல் வைஃபை பெட்டிகள் ஆகியவற்றுக்கு யாரோ எப்போதோ கையால் முகவரி கொடுத்திருப்பார்கள். எங்கள் மையத்தில் வைஃபை பெட்டிகள் இரண்டும் 192.168.1.2, 192.168.1.3 ஆகியவற்றிலும், பிரின்டர் 192.168.1.10-லும், கேமரா பெட்டி 192.168.1.220-லும் இருந்தன. இந்தப் பட்டியல் இல்லாமல் நான்காம் படிக்குப் போனால், இணையத்தைச் சரிசெய்யப் போய் பிரின்டரைக் கெடுத்துவிட்டு வருவீர்கள்.

கடைசியாக, இப்போதுள்ள அமைப்புப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது தவறினால் திரும்பிப் போக அது போதும்.

## 2. நோய் இதுதானா என்று உறுதிசெய்யுங்கள்

அறிகுறி மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். இணையம் வராத ஒரு விண்டோஸ் லேப்டாப்பில் இதைக் கொடுங்கள்:

```
ipconfig
```

முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் கேட்டுக் கிடைக்காமல் அந்தக் கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். இதை வைத்து இணையத்துக்குப் போக முடியாது. ஐபோனிலும் வைஃபை விவரத்தில் இதே 169.254 தெரியும். ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலும் `Obtaining IP address` என்ற நிலையிலேயே சுற்றிச் சுற்றி நின்று கைவிட்டுவிடும்.

ஆனால் 169.254 என்றாலே தொகுப்பு தீர்ந்தது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். முகவரி கொடுக்கும் சேவையே நின்றுபோயிருந்தாலும், கேபிள் கோளாறு என்றாலும் அதே எண்தான் வரும். அதனால் இன்னொரு சோதனை செய்யுங்கள். அந்த லேப்டாப்புக்குத் தொகுப்புக்கு வெளியே உள்ள ஒரு முகவரியைக் கையால் போடுங்கள். எங்கள் கணக்கில் 192.168.1.240, மாஸ்க் 255.255.255.0, கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் 192.168.1.1. போடுமுன் அந்த எண் காலியா என்று, வேலை செய்யும் வேறொரு கணினியிலிருந்து பாருங்கள்:

```
ping 192.168.1.240
arp -a
```

பிங்குக்குப் பதில் வராததை மட்டும் நம்பாதீர்கள். சில சாதனங்கள் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். `arp -a` பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே ஒரு வன்பொருள் முகவரி தெரிந்தால் அதை யாரோ பயன்படுத்துகிறார்கள், வேறு எண்ணுக்குப் போங்கள்.

கையால் முகவரி போட்டதும் இணையம் வந்துவிட்டால், வைஃபையும் சரி, வெளி இணைப்பும் சரி. முகவரி கிடைப்பதில்தான் தடை என்பது உறுதி. சோதனை முடிந்ததும் அந்த லேப்டாப்பைத் தானாக முகவரி பெறும் நிலைக்கு மறக்காமல் திருப்புங்கள். இதை மறந்தால் அந்த லேப்டாப் வேறு இடத்துக்குப் போனதும் அங்கே இணையம் வராது, காரணம் யாருக்கும் புரியாது.

## 3. முகவரிகள் யாரிடம் இருக்கின்றன என்று எண்ணுங்கள்

ரவுட்டரில் `DHCP Clients` அல்லது `DHCP Leases` என்ற பெயரில் ஒரு பட்டியல் இருக்கும். எந்தச் சாதனத்துக்கு எந்த முகவரி, இன்னும் எவ்வளவு நேரத்துக்கு என்பதெல்லாம் அதில் தெரியும். பிரச்சினை நடந்துகொண்டிருக்கும்போதே இதைப் பாருங்கள். ரவுட்டரை அணைத்துப் போட்ட பிறகு பார்த்தால் தடயம் அழிந்திருக்கும்.

எங்கள் மையத்தில் பார்த்தபோது 100 வரிகள். தொகுப்பு முழுவதும் நிரம்பியிருந்தது. ஆனால் அப்போது அறையில் இருந்தவை பிற்பகல் வகுப்பின் 70 சாதனங்களும் அலுவலகத்தின் 12-ம்தான். மொத்தம் 82. நூறு முகவரிகள் இருக்கும்போது 82 சாதனங்களுக்கு எப்படிப் போதவில்லை?

விடை அந்தப் பட்டியலின் நேரக் கட்டத்தில் இருந்தது. ரவுட்டர் முகவரியைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை, குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்குத் தருவதுபோல் தருகிறது. அந்தக் காலத்துக்கு `Lease Time` என்று பெயர். இங்கே அது 24 மணி நேரம். காலையில் வந்தவர்கள் மதியம் பன்னிரண்டரைக்கே கிளம்பிவிட்டார்கள். ஆனால் வைஃபை எல்லையைத் தாண்டிப் போகும் போன், முகவரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ரவுட்டரைப் பொறுத்தவரை மறுநாள் காலை ஒன்பது வரை அந்த 70 முகவரிகளும் அவர்களுடையவைதான். 70, அலுவலகத்தின் 12, ஆக 82 போயிற்று. மீதமிருந்த 18-ஐப் பிற்பகலில் முதலில் வந்த சாதனங்கள் எடுத்துக்கொண்டன. 52 சாதனங்கள் வெளியே நின்றன.

மறுநாள் காலையிலும் ஏன் பிரச்சினை வரவில்லை என்பதும் இதே கணக்கில் புரிந்துவிடும். காலை வகுப்பின் 70, அலுவலகம் 12, நேற்றுப் பிற்பகல் எடுத்த 18. கூட்டினால் சரியாக நூறு. ஒன்றுகூட மிச்சமில்லாமல் அடங்கிவிட்டது, அதனால் காலையில் யாரும் புகார் சொல்லவில்லை.

ஆகவே ஒரே நேரத்தில் எத்தனை சாதனங்கள் இருக்கின்றன என்று எண்ணாதீர்கள். ஒரு லீஸ் காலத்துக்குள் மொத்தம் எத்தனை வெவ்வேறு சாதனங்கள் வந்துபோகின்றன என்று எண்ணுங்கள். தேவையான முகவரி எண்ணிக்கை அதுதான். எங்களுக்கு 70, 70, 12 சேர்த்து 152.

பட்டியலில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி வன்பொருள் முகவரியைக் காட்டுகின்றன. ஒரே ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேறு பெயர் வைத்திருந்தால், இரண்டிலும் மாறி மாறி இணையும் ஒரே போன் இரண்டு முகவரிகளைப் பிடித்துக்கொள்ளும். ஒரே சாதனப் பெயர் இரண்டு வரிகளில் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்தால் இது நிற்கும்.

## 4. முதலில் தொகுப்பை விரியுங்கள்

லீஸ் நேரத்தைக் குறைப்பதா, தொகுப்பை விரிப்பதா, எது முதலில் என்று கேட்பார்கள். விரிப்பதுதான் முதலில். விரித்த உடனே புதிய முகவரிகள் கைக்கு வந்துவிடும். லீஸ் நேரக் குறைப்போ ஏற்கனவே கொடுத்த முகவரிகளை உடனே விடுவிக்காது.

`DHCP Server` பக்கத்தில் தொடக்க முகவரியும் முடிவு முகவரியும் கேட்கும். 255.255.255.0 மாஸ்க்கில் 1 முதல் 254 வரை பயன்படுத்தலாம். ஆனால் எல்லாவற்றையும் தொகுப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். ரவுட்டரின் சொந்த முகவரியும், முதல் படியில் எழுதிய நிலையான முகவரிகளும் வெளியே இருக்க வேண்டும். பிரின்டர் அணைந்திருக்கும் நேரத்தில் அதன் முகவரியை ரவுட்டர் ஒரு போனுக்குக் கொடுத்துவிடும். அப்புறம் பிரின்டர் எழுந்தால் ஒரே எண்ணுக்கு இருவர் சண்டை.

எங்களுக்கு 192.168.1.30 முதல் 192.168.1.209 வரை வைத்தேன். கீழே 30-க்குள் வைஃபை பெட்டிகளும் பிரின்டரும், மேலே 220-ல் கேமரா பெட்டி. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து ஒன்று கூட்டினால் 180 முகவரிகள். தேவை 152, மீதம் 28. பழைய தொகுப்பு முழுவதும் புதியதற்குள் அடங்கிவிட்டதையும் பாருங்கள். அதனால் இணைப்பில் இருந்த யாருக்கும் முகவரி மாறவில்லை.

இங்கே அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சில ரவுட்டர்கள் முடிவு முகவரியைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேட்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி அப்படித்தான். அதில் `limit` என்பது எண்ணிக்கை:

```
uci set dhcp.lan.start='30'
uci set dhcp.lan.limit='180'
uci commit dhcp
service dnsmasq restart
```

முடிவு எண் என்று நினைத்து 209 என்று போட்டால், தொகுப்பு 238 வரை நீண்டு 220-ல் இருக்கும் கேமராவை விழுங்கிவிடும். உடனே எந்தப் பிழையும் தெரியாது. கூட்டம் அதிகமான ஒரு நாளில்தான் கேமரா மறையும். அன்று இந்த மாற்றத்தோடு அதை யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

## 5. பிறகு லீஸ் நேரத்தைக் குறையுங்கள்

ஆட்கள் வந்துபோகும் இடத்துக்கு 24 மணி நேரம் மிக அதிகம். எங்கள் மையத்துக்கு 2 மணி நேரம் வைத்தேன். எதனால் இரண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இணைப்பில் இருக்கும் சாதனம், லீஸ் காலத்தில் பாதி முடிந்ததும் ரவுட்டரிடம் நீட்டிப்புக் கேட்கும். 2 மணி நேர லீஸில் ஒவ்வொரு மணிக்கும் அது புதுப்பிக்கப்படும். ஆகவே கிளம்பும் நேரத்தில் ஒரு சாதனத்தின் கையில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கும். பன்னிரண்டரைக்குக் கிளம்பினால், அதிகபட்சம் இரண்டரைக்குள் எல்லா முகவரிகளும் விடுபடும். பிற்பகல் வகுப்பு இரண்டு மணிக்குத் தொடங்குவதால், அந்த அரைமணி நேரம் இரண்டு கூட்டமும் பட்டியலில் ஒன்றாக இருக்கலாம். அதற்கும் 152 போதும், நம்மிடம் 180 இருக்கிறது.

தொகுப்பை விரிக்கவே முடியாத ரவுட்டராக இருந்தால் லீஸை 1 மணி நேரமாக்குங்கள். அப்போது காலை முகவரிகள் ஒன்றரைக்குள் விடுபடும். பழைய 100 முகவரிகளிலேயே 82 சாதனங்கள் அடங்கிவிடும்.

அதற்காக ஐந்து நிமிடம் என்றெல்லாம் வைக்காதீர்கள். எல்லாச் சாதனங்களும் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரைத் தட்டும். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழத் தாமதமானால், அதற்குள் எல்லோருடைய முகவரியும் காலாவதியாகி, உள்ளே நடக்கும் பிரின்டர் வேலைகூட அறுந்துவிடும்.

அலகையும் பாருங்கள். சில பக்கங்கள் நிமிடத்தில் கேட்கும், சில நொடியில். இரண்டு மணி நேரம் என்பது 120 நிமிடம் அல்லது 7200 நொடி. நொடிக் கட்டத்தில் 120 என்று போட்டால் இரண்டே நிமிட லீஸ் ஆகிவிடும்.

## 6. பழைய லீஸ்களை விடுவியுங்கள்

காலையில் 24 மணி நேரத்துக்கு வாங்கிப் போன போன்களின் பதிவு, நீங்கள் நேரத்தைக் குறைத்ததால் அழியாது. மறுநாள் வரை அப்படியே இருக்கும். தொகுப்பை நன்றாக விரித்திருந்தால் இதைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டுவிடலாம், தானாகத் தீரும். என் விருப்பமும் அதுதான்.

உடனே வேண்டுமானால் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடலாம். பல சிறிய ரவுட்டர்கள் லீஸ் பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே வைத்திருப்பதால் அது காலியாகிவிடும். இத்தனை நாள் அணைத்துப் போட்டதும் சரியானதற்கும் இதுவே காரணம். ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ரவுட்டரின் வைஃபையில் இருக்கும் சாதனங்கள் இணைப்பு அறுந்ததை உணர்ந்து, திரும்ப வரும்போது தங்கள் பழைய முகவரியையே கேட்டுப் பதிவுசெய்துகொள்ளும். தனி ஸ்விட்ச் வழியாகக் கேபிளில் இருப்பவற்றுக்கு எதுவும் அறுந்ததாகவே தெரியாது. அவை பழைய முகவரியைத் தொடர்ந்து பயன்படுத்தும், ரவுட்டரோ அந்த எண் காலி என்று நினைத்து வேறொருவருக்குக் கொடுக்கக்கூடும். பல ரவுட்டர்கள் கொடுக்குமுன் அந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்கும், எல்லாமும் அல்ல. எனவே ரவுட்டரை அணைக்கும்போது ஸ்விட்சையும் சேர்த்து அணைத்துப் போடுங்கள்.

## 7. 254-ம் போதாதபோது

மாஸ்க்கை 255.255.254.0 ஆக மாற்றினால் பயன்படுத்தக்கூடிய முகவரிகள் 510 ஆகும். இங்கே ஒரு தவறை அடிக்கடி பார்க்கிறேன். ரவுட்டர் 192.168.1.1-ல் இருந்தால், விரிவு 192.168.1 மற்றும் 192.168.2 என்று நினைத்துத் தொகுப்பைப் போடுவார்கள். இந்த மாஸ்க்கில் இரட்டை எண்ணில்தான் வலையம் தொடங்கும். ஆகவே கிடைப்பது 192.168.0.1 முதல் 192.168.1.254 வரை.

கையால் முகவரி போட்ட எல்லாச் சாதனங்களிலும் மாஸ்க்கை மாற்ற வேண்டும். பழைய மாஸ்க்கிலேயே விட்ட பிரின்டர், 192.168.0-ல் இருக்கும் லேப்டாப்பைத் தன் வலையத்தைச் சேர்ந்ததாகக் கருதாது. சிலருக்கு அச்சு வரும், சிலருக்கு வராது.

வருபவர்களுக்கு இணையம் மட்டும் போதும் என்றால் இதைவிட எளிய வழி, ரவுட்டரில் விருந்தினர் வலையத்தைத் திறப்பது. பல ரவுட்டர்களில் அதற்குத் தனித் தொகுப்பு உண்டு. அதற்குக் குறைந்த லீஸ் நேரம் வைக்க முடிந்தால் அலுவலகச் சாதனங்களைத் தொடாமலேயே வேலை முடிந்துவிடும். உங்கள் ரவுட்டரில் அது தனித் தொகுப்புதானா என்று முதலில் ஒரு போனை இணைத்து, கிடைக்கும் முகவரியின் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். அது 1 என்றே இருந்தால் பழைய தொகுப்பிலிருந்துதான் கொடுக்கிறது, பயனில்லை.

எந்த வழியில் போனாலும், முகவரி எண்ணிக்கையும் வைஃபை தாங்கும் எண்ணிக்கையும் வேறு வேறு. 400 முகவரிகள் இருப்பதால் ஒரே வைஃபை பெட்டி 400 சாதனங்களைத் தாங்கிவிடாது.

## 8. சரியானதா என்று பார்ப்பது

இணையம் வராமல் இருந்த அதே லேப்டாப்பில்:

```
ipconfig /release
ipconfig /renew
```

192.168.1-ல் தொடங்கும் முகவரி வந்தால் சரி. `ipconfig /all` கொடுத்தால் `Lease Obtained`, `Lease Expires` என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டுக்கும் இடையே நீங்கள் வைத்த 2 மணி நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் ஒரு நாள் வித்தியாசம் காட்டினால் ரவுட்டரில் மாற்றம் சேமிக்கப்படவில்லை, அல்லது வலையத்தில் இன்னொரு ரவுட்டர் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. `DHCP Server` என்ற வரியில் 192.168.1.1 அல்லாத எண் இருந்தால் இரண்டாவதுதான். பிரச்சினையைத் தீர்க்க யாரோ ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருப்பார்கள். அதில் முகவரி கொடுக்கும் சேவையை நிறுத்திவிட்டு, அதை வெறும் வைஃபை பெட்டியாக மட்டும் விடுங்கள்.

உண்மையான சோதனை கூட்டம் மாறும் நேரத்தில்தான். இரண்டேகால் மணிக்கு ரவுட்டரின் லீஸ் பட்டியலைத் திறந்து வரிகளை எண்ணினேன், 147 இருந்தன. நாலு மணிக்கு மறுபடி எண்ணியபோது 82 மட்டுமே இருந்தன.